‘மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன்’ என்று எழுதும் முன்

நேர்காணல் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த மின்னஞ்சல் வருகிறது. “உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பணி நியமனக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது.” வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றியாகிவிட்டது. அதே பரபரப்பில் பலர் கைபேசியிலேயே பதிலையும் தட்டிவிடுகிறார்கள்: “மிக்க நன்றி, வேலையை ஏற்றுக்கொள்கிறேன்.” இணைப்பில் உள்ள கடிதத்தைப் பலர் அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படிக்கிறார்கள்.

அந்த ஒற்றை வரிக்கு இருக்கும் சட்ட வலிமை அதை அனுப்பும் பலருக்குத் தெரிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்வைக்கும் நிபந்தனைகளை இன்னொருவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்தால் ஒப்பந்தம் உருவாகிறது. கையெழுத்திட்ட காகிதம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் வந்த திருத்தம் 10ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மின்னணு வழியில் உருவானது என்பதற்காகவே ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது எனத் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. டிரைமெக்ஸ் என்ற துபாய் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையே பாக்சைட் வாங்குவது பற்றி எழுந்த வழக்கில், முறையான பத்திரம் கையெழுத்தாகாவிட்டாலும் மின்னஞ்சல்களிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனை அற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வேலையை ஏற்று எழுதுபவர் மனதில் வைக்க வேண்டிய பிரிவு இதுதான். “ஏற்கிறேன், ஆனால் சம்பளத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும்” என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது, எதிர்க் கோரிக்கை ஆகிவிடும். 1840-இல் இங்கிலாந்தில் ரெஞ்ச் என்பவர் தன் பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாகச் சொன்னார். ஹைட் என்பவர் 950 பவுனுக்குக் கேட்டார். ரெஞ்ச் மறுத்த பிறகு, சரி, 1,000 பவுனுக்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார் ஹைட். 950-க்குக் கேட்டபோதே முதல் வாய்ப்பு முடிந்துபோய்விட்டது, அதை மறுபடி உயிர்ப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை எளியது. சந்தேகங்களைக் கேட்கும் கடிதம் வேறு, ஏற்கும் கடிதம் வேறு. முதலில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். எல்லாம் சரியான பிறகு, ‘ஆனால்’ என்ற சொல்லே இல்லாமல் ஏற்க வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, சென்னையில் முதுநிலைக் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் சி.டி.சி. ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்றும், ஜூலை 1 அன்று சேர வேண்டும் என்றும் இருக்கிறது. ஐந்து நாட்களுக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐம்பதாயிரம். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுப் பணம் எல்லாவற்றையும் அந்த ஐம்பதாயிரத்தை வைத்துத்தான் மனம் கணக்குப் போடும்.

ஆனால் சி.டி.சி. என்பது அவருக்காக நிறுவனம் ஓர் ஆண்டில் செய்யும் மொத்தச் செலவு. அவர் கைக்கு வராத செலவும் அதில் அடக்கம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அட்டவணையைப் பார்த்தால் விஷயம் புரியும். இந்த உதாரணத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000, வீட்டு வாடகைப்படி 10,000, சிறப்புப்படி 6,500. ஆக மொத்தம் மாதம் 41,500 ரூபாய், ஆண்டுக்கு 4,98,000. மிச்சமுள்ள 1,02,000 ரூபாய் எங்கே? நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 21,600. கிராஜுவிட்டிக்காக ஒதுக்கும் தொகை 14,430. மருத்துவக் காப்பீட்டுத் தவணை 5,970. ஆண்டு முடிவில் வேலையின் தரத்தைப் பார்த்துத் தரப்படும் மாறுபடும் ஊதியம் 60,000. இவற்றில் எதுவும் மாதச் சம்பளத்தோடு வங்கிக் கணக்குக்கு வராது.

அந்த 41,500-லிருந்தும் அவர் பங்கு பி.எஃப். 1,800 ரூபாய் பிடிபடும். தொழில் வரி மாதக் கணக்கில் சுமார் 200 ரூபாய் போகும். புதிய வரி முறையில் இந்த அளவு சம்பளத்துக்கு வருமான வரி வராது. ஆக, கையில் வருவது ஏறத்தாழ 39,500. மனம் போட்ட கணக்குக்கும் உண்மைக்கும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வித்தியாசம். இதில் நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் அட்டவணையில் இருக்கிறது. படிக்கத்தான் வேண்டும்.

அட்டவணையைப் படித்தவருக்கு இரண்டு கேள்விகள் எழ வேண்டும். ஒன்று, பி.எஃப். எந்தத் தொகைக்குப் பிடிக்கப்படுகிறது? மேலே உள்ள கணக்கில் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு 12 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். சில நிறுவனங்கள் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பிடிக்கும். அப்படியானால் 25,000-க்கு 3,000 ரூபாய். நிறுவனத்தின் பங்கும் 3,000 ஆகி அதே ஆறு லட்சத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், சிறப்புப்படி குறையும். இரண்டும் சேர்ந்து கைச் சம்பளம் மாதம் 2,400 ரூபாய் குறைந்துவிடும். அது சேமிப்பாக பி.எஃப். கணக்கில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாடகை கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய தொகை அது. இரண்டு, அந்த 60,000 ரூபாய் உறுதியானதா, நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்ததா? ஆண்டின் நடுவில் சேருபவருக்கு முதல் ஆண்டில் எவ்வளவு கிடைக்கும்? நேர்காணலில் வாய்வார்த்தையாகச் சொன்ன சேர்க்கை போனஸ், ஆறு மாதத்தில் ஊதிய உயர்வு போன்றவை கடிதத்தில் இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை, அதைக் கொடுத்த மேலாளர் வேறு நிறுவனத்துக்குப் போன பிறகு யாரிடம் கேட்பது?

அடுத்தது சேரும் நாள். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். அந்தப் பெண்ணின் இப்போதைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 60 நாட்கள். ஜூன் 3 அன்று ராஜினாமா கொடுத்தால், அந்த நாளையும் சேர்த்து எண்ணும்போது ஜூனில் 28 நாட்கள், ஜூலையில் 31, ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு 60 நாட்கள் முடிகின்றன. சில அலுவலகங்கள் மறுநாளிலிருந்து எண்ணும், அப்படியானால் ஆகஸ்ட் 2. ஜூலை 1 அன்று எப்படிச் சேர முடியும்? முடியாது. ஆனால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தில் ஜூலை 1-க்கு ஒப்புக்கொண்டு, பிறகு பழைய அலுவலகத்தில் “சீக்கிரம் விடுங்கள் சார்” என்று நடையாய் நடப்பவர்கள் உண்டு. மீதி நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டு விலக ஒப்பந்தத்தில் இடம் இருக்கலாம். அந்தப் பணத்தைப் புதிய நிறுவனம் தருமா என்பதும் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டிய விஷயம்.

அவசரமாக ஓடிவந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய வேலையிலிருந்து விலகிய நாள், புதிய வேலையில் சேர்ந்த நாளுக்கு முன்னதாக இருக்க வேண்டும். பழைய நிறுவனம் ஆகஸ்ட் 1 வரை பணியில் இருந்ததாகவும், புதிய நிறுவனம் ஜூலை 27 முதல் பணியில் இருப்பதாகவும் பி.எஃப். அலுவலகத்துக்குத் தெரிவித்தால், இரண்டு வேலைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டதாகப் பதிவாகும். 2025 வரை, பிற்பாடு பழைய கணக்கிலிருந்து பணத்தை மாற்றும்போது அது தடையாக வந்து நின்றதுண்டு. பின்னணி சரிபார்ப்பவர்களும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தாரோ என்று கேட்பார்கள். ஆகவே ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை என்று கேட்பதுதான் எந்த முறையில் எண்ணினாலும் பாதுகாப்பானது. பெரும்பாலான நிறுவனங்கள் நோட்டீஸ் காலத்தை எதிர்பார்த்தே இருக்கும். கேட்டால் தேதியை மாற்றித் தருவார்கள்.

தேதியைக் கேட்கும்போது முதல் சம்பளம் எப்போது என்பதையும் கேட்டுவிடலாம். பல அலுவலகங்களில் மாதத்தின் மூன்றாம் வாரத்தோடு சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு சேருபவரின் சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். ஊர் மாறி, வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம்.

எனவே அவர் முதலில் அனுப்ப வேண்டியது ஏற்புக் கடிதம் அல்ல, ஒரு சிறு விளக்கக் கடிதம். “இந்த வாய்ப்புக்கு மிக்க நன்றி. உங்கள் குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன். கடிதத்தைப் படித்ததில் மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்” என்று தொடங்கி, பி.எஃப். கணக்கு, மாறுபடும் ஊதியம், சேரும் தேதி மூன்றையும் கேட்டால் போதும். இதை நாசூக்காகவும் விரைவாகவும், கடிதம் வந்த மறுநாளே அனுப்புவது நல்லது. எச்.ஆர். துறையில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் அன்றாடம். ஒழுங்காகக் கேட்பவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. தேதி மாறினால் திருத்திய நியமனக் கடிதமே கேட்டு வாங்க வேண்டும். தொலைபேசியில் “பரவாயில்லம்மா, மூணாம் தேதியே வாங்க” என்று சொன்னால், அந்தப் பேச்சைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும்.

பதில் வந்துவிட்டது, திருத்திய கடிதமும் வந்துவிட்டது. இப்போது ஏற்புக் கடிதம். நம் ஊர் அலுவலகங்களில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்பது தெரிய இங்கே தமிழில்:

“பொருள்: முதுநிலைக் கணக்காளர் பணி – ஏற்பு

மதிப்பிற்குரிய மேடம்,

முதுநிலைக் கணக்காளர் பணிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. ஜூன் 2 தேதியிட்ட திருத்திய நியமனக் கடிதத்தில் உள்ளபடி இந்தப் பணியை மிகுந்த மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒரே மென்பொருளுக்குக் கொண்டுவரும் பணி பற்றி நேர்காணலில் சார் விளக்கியதிலிருந்து, அந்தக் குழுவில் சேர்ந்து வேலை செய்ய ஆவலாக இருக்கிறேன்.

என் புரிதலைக் கீழே உறுதிப்படுத்துகிறேன். மொத்த ஆண்டு ஊதியம் ரூ.6,00,000. இதில் மாறுபடும் ஊதியம் ரூ.60,000. பிடித்தங்களுக்கு முந்தைய மாதச் சம்பளம் ரூ.41,500. பணியில் சேரும் நாள் ஆகஸ்ட் 3, திங்கள், காலை 9.30 மணி, கிண்டி அலுவலகம்.

கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்துள்ளேன். அன்று கல்விச் சான்றிதழ்கள், பான், ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படங்கள் ஆகியவற்றின் அசலும் நகலும் கொண்டுவருகிறேன். பணி விடுவிப்புக் கடிதம் கடைசி வேலை நாளுக்குப் பிறகே கிடைக்கும் என்பதால், ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலை அன்று காட்டி, கடிதம் கிடைத்ததும் தருகிறேன். வேறு ஆவணம் தேவையெனில் தெரிவிக்கவும். இந்த மின்னஞ்சல் கிடைத்ததை ஒரு வரியில் உறுதிசெய்தால் இங்கே என் ராஜினாமாவைக் கொடுத்துவிடுவேன்.

நன்றியுடன்...”

இந்தக் கடிதத்தில் உற்சாகம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆச்சரியக்குறிகள் இல்லை, “கனவு நிறுவனம்” என்ற புகழ்ச்சி இல்லை. நேர்காணலில் பேசிய குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லி அதற்காக ஆவலாக இருப்பதாக எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை வேறு எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப முடியாது. அதனால்தான் படிப்பவருக்கு அது மனதார வந்ததாகத் தெரிகிறது. முதல் பத்தியில் மகிழ்ச்சி, இரண்டாவதில் கணக்கு என்று பிரித்து வைத்ததால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. பதிலை, நியமனக் கடிதம் வந்த அதே மின்னஞ்சலுக்கே அனுப்பி, நேர்காணல் செய்த மேலாளருக்கும் நகல் போட்டால், எல்லாம் ஒரே இழையில் இருக்கும்.

ஆவணங்கள் பற்றி எழுதிய பத்தி சாதாரணமாகத் தெரியலாம். சேரும் நாளன்று அதிகம் வியர்ப்பது அங்கேதான். தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால், அல்லது இல்லவே இல்லை. பான் அட்டையில் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு இனிஷியலை ஏற்கமாட்டார்கள் என்பதால் அப்பாவின் முழுப்பெயர் சேர்ந்துவிட்டது. திருமணத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து. மனிதர் ஒருவர்தான், ஆனால் கணினிக்கு நான்கு பேர்.

பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண், எத்தனை வேலை மாறினாலும் ஒருவருக்கு ஒன்றுதான். புதிய நிறுவனம் அதே எண்ணில் அவரைச் சேர்க்கும்போது ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று பார்க்கப்படும். பொருந்தாவிட்டால் பிற்பாடு பணம் மாற்றுவதும் எடுப்பதும் இழுத்தடிக்கும். இதைச் சேரும் நாளில் கண்டுபிடிப்பதைவிட, கைவசம் இருக்கும் அறுபது நாள் நோட்டீஸ் காலத்தில் சரிசெய்துகொள்வது நல்லது. எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். உடனே திருத்த முடியாத வேறுபாடு இருந்தால் எச்.ஆரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள்.

அசல் சான்றிதழ்களைக் காட்டச் சொல்வது வழக்கம். காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அசலை நாங்களே வைத்துக்கொள்வோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், ஏன், எவ்வளவு காலத்துக்கு என்று ஏற்புக் கடிதத்துக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆளை வெளியே விடாத இடங்கள் இருக்கின்றன.

பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். பயிற்சிக்கு, சீருடைக்கு, மடிக்கணினிக்கு, ஆவணச் சரிபார்ப்புக்கு என்று காரணம் எதுவாக இருந்தாலும் சரி, திருப்பித் தரும் டெபாசிட் என்றாலும் சரி. பெரிய நிறுவனத்தின் பெயரிலும் சின்னத்திலும் போலி நியமனக் கடிதம் அனுப்புபவர்கள், மின்னஞ்சல் முகவரியில் ‘@’ குறிக்குப் பின்னால் வரும் பகுதியில் ஓரெழுத்தை மாற்றியோ ஒரு கோட்டைச் சேர்த்தோ வைத்திருப்பார்கள். ஆதார் நகலும் வங்கி விவரமும் அனுப்புவதற்கு முன், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணை நாமே தேடி எடுத்துப் பேசிவிட வேண்டும். அந்த மின்னஞ்சலில் கொடுத்திருக்கும் எண் சரிபார்ப்புக்கு உதவாது.

மின்னஞ்சல் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு என்றாலும் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்புக்குப் பிறகு தனியார் நிறுவனம் பின்வாங்கினால், அந்த வேலையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றங்கள் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. அதிகபட்சம் இழப்பீடு கேட்கலாம், அதற்கும் வழக்கு, வக்கீல், வருடங்கள். தவிர, பெரும்பாலான நியமனக் கடிதங்களில் பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக இருந்தால்தான் என்ற நிபந்தனை இருக்கும். பழைய வேலையின் தேதிகளையோ சம்பளத்தையோ விண்ணப்பத்தில் கூட்டி எழுதியவருக்கு இந்த ஏற்புக் கடிதம் பாதுகாப்பு தராது.

எனவே வரிசையை மாற்றாதீர்கள். சந்தேகம் கேட்பது முதலில், திருத்திய கடிதம் அடுத்து, பிறகு ஏற்பு, அதற்குப் பிறகு நிறுவனத்தின் ஒரு வரி உறுதி. ராஜினாமா அதற்கும் பிறகுதான். இந்தப் போக்குவரத்து முழுவதையும் சொந்த மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு போன்ற உங்கள் சொந்த ஆவணங்களையும் கடைசி வேலை நாளுக்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே அலுவலகக் கணக்கை மூடிவிடுவார்கள்.